வார இறுதித் தமிழ் வகுப்பு: வெளிநாட்டுப் பெற்றோர் அடிக்கடி கேட்பவை

சென்னை மேற்கு மாம்பலத்தில் எங்கள் வீட்டு மாடி அறையிலிருந்து சனி, ஞாயிறுகளில் நடக்கும் வகுப்பு இது. ஐந்து வயதிலிருந்து ஒன்பது வயது வரை உள்ள பிள்ளைகள். ஒரு குழுவுக்கு ஆறு பேர், 40 நிமிஷம், வீடியோவில். ஆரம்பப் பள்ளியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். வாட்ஸ்அப்பில் வரும் கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்டபடியே கீழே போட்டிருக்கிறேன். பாதிக்கு மேல் வாசிப்பு அட்டையைப் பற்றித்தான் வரும், அதனால் பதிலும் அங்கேதான் நீளும்.

247 எழுத்தையும் எத்தனை மாசத்துல முடிப்பீங்க டீச்சர்?

அந்தக் கணக்கில் நான் போவதே இல்லை. உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் ஒன்று என்று கூட்டினால் 247 வரும், சரிதான். ஆனால் 216 உயிர்மெய்யும் 216 தனி உருவம் இல்லை. கால், கொம்பு, மேல்விலங்கு என்று விரல் விட்டு எண்ணக்கூடிய குறிகள்தான் ஒவ்வொரு எழுத்திலும் மாறி மாறி ஒட்டிக்கொள்கின்றன. ‘ப’வோடு கால் சேர்ந்தால் ‘பா’ என்று ஒரு பிள்ளைக்குப் பிடிபட்டுவிட்டால், ‘மா’வையும் ‘டா’வையும் யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

உண்மையில் சிரமம் கொடுப்பது உகர, ஊகார வரிசை மட்டும்தான். கு, டு, மு ஒரு மாதிரி; சு, பு, வு வேறு மாதிரி; து, நு, லு இன்னொரு மாதிரி. அவற்றை மட்டும் தனித்தனி எழுத்தாகவே நினைத்துக்கொண்டு மெதுவாகப் போக வேண்டும். இன்னொரு பக்கம், ‘ங’ வரிசையில் ‘ங்’ தவிர மற்றதெல்லாம் பிள்ளை தன் வாழ்நாளில் படிக்கப்போவதே இல்லை என்று சொல்லலாம். அட்டையில் அவை கிடையாது. சுவரில் மாட்டும் 247 கட்டச் சார்ட்டை வாங்கி வைத்திருந்தால் வைத்துக்கொள்ளுங்கள், அறைக்கு அழகாக இருக்கும்.

அப்போ அ, ஆ, இ, ஈ-ல ஆரம்பிக்க மாட்டீங்களா?

பாட்டில் உயிரெழுத்து வரிசை வரும், வாய்க்கு அது நல்லது. அட்டையில் ஆரம்பம் வேறு.

முதல் கட்டில் ஆறே சங்கதி: அ, ப, ம, ட, கால், புள்ளி. இந்த ஆறை வைத்துக்கொண்டு அம்மா, அப்பா, மாமா, பாப்பா, டப்பா, படம், பட்டம், பாடம், அப்பம், மாடம் என்று பத்து வார்த்தை படித்துவிடலாம். பத்தில் எட்டு வீட்டில் புழங்கும் வார்த்தைகள். பட்டத்தை மாடியில் விட்டுக் காட்டிவிடுவோம். மாடம் மட்டும் பல பிள்ளைகளுக்குத் தெரியாது, அதற்குச் சுவரில் விளக்கு வைக்கும் மாடத்தைப் படமாகக் காட்டுவேன்.

எழுத்தைத் தேர்ந்தெடுத்ததில் இன்னொரு காரணமும் உண்டு. ட, ப, ம மூன்றும் பெரும்பாலும் நேர்கோடும் மூலையுமாக இருப்பவை, ஆங்கில எழுத்து எழுதிப் பழகிய கைக்குச் சட்டென்று வரும். ‘அ’வும் ‘இ’யும் சுழி. ‘இ’ எழுதச் சொல்லி ஆரம்பித்தால் பாதிப் பேர் இரண்டாம் வாரமே கேமராவை அணைத்துவிடுவார்கள்.

இரண்டாம் கட்டில் க, ல, மேல்விலங்கு சேரும். கல், பல், பால், கால், கடல், பகல், கப்பல், மல்லி, பல்லி. இங்கே ஒரு முடிச்சு விழும். கடலில் வரும் ‘க’வும் பகலில் வரும் ‘க’வும் காதுக்கு ஒன்றாக இல்லையே என்று பிள்ளை கேட்கும். கேட்டால் சந்தோஷப்படுங்கள், காது விழித்திருக்கிறது என்று அர்த்தம். வார்த்தையின் முதலில் வந்தால் அழுத்தம், நடுவில் தனியாக வந்தால் மெதுவு, ‘ங்’குக்குப் பின்னால் வந்தால் தங்கத்தில் வருகிற மாதிரி. விதியாக மனப்பாடம் செய்ய வைக்காதீர்கள். ஏற்கெனவே பேசும் வார்த்தையாக இருந்தால் வாய் தானே சரியாகச் சொல்லிக்கொள்ளும். தெரியாத வார்த்தையை முதல் அட்டைகளில் போடாததற்கு இதுவும் ஒரு காரணம்.

அட்டைய நானே வீட்ல பிரிண்ட் எடுத்துக்கலாமா?

எடுத்துக்கலாம். பிடிஎஃப் அனுப்புவேன், ஒரு ஏ4 தாளில் எட்டு அட்டை வரும். சாதா தாளில் எடுத்தால் பின்பக்கத்துப் படம் முன்னால் தெரியும், பிள்ளை அதைப் பார்த்தே சொல்லிவிடும். கெட்டி அட்டைதான் வேண்டும். இங்கிருந்து ஊருக்கு வந்து போகிறவர்களிடம் கொடுத்தனுப்பும் அட்டைக் கட்டுகளை, பாரிமுனை ஆண்டர்சன் தெருவில் வாங்குகிற கல்யாணப் பத்திரிகை அட்டையில்தான் போடுகிறேன். சூட்கேஸில் சேலைக்கு நடுவில் வைத்தால் மடங்காமல் போய்ச் சேரும்.

வார்த்தை ஒரு பக்கம், படம் மறுபக்கம். இரண்டும் ஒரே பக்கத்தில் இருக்கவே கூடாது. நாய்ப் படத்துக்குக் கீழே ‘நாய்’ என்று எழுதியிருந்தால் பிள்ளை படத்தைத்தான் படிக்கும், எழுத்தைத் திரும்பிக்கூடப் பார்க்காது. கடையில் விற்கும் பல அட்டைகள் அப்படித்தான் இருக்கின்றன.

பிரிண்ட் எடுத்ததும் ஒரு காரியம் செய்யுங்கள். ‘கொ’, ‘கோ’, ‘லை’ உள்ள அட்டைகளை எடுத்து நீங்களே ஒருமுறை பார்த்துவிடுங்கள். ஒரு தடவை அச்சகத்தில் கொடுத்து 40 செட் வாங்கி வந்தேன். வீட்டுக்கு வந்து பிரித்தால், கொம்பெல்லாம் எழுத்துக்கு முன்னால் நிற்காமல் பின்னால் போய் நிற்கிறது, பக்கத்தில் புள்ளிபுள்ளியாக ஒரு வட்டம் வேறு. அவர்கள் கம்ப்யூட்டரில் என் எழுத்துரு இல்லை, வேறு எதையோ போட்டு ஓட்டிவிட்டார்கள். கேட்டதற்கு, “நீங்க குடுத்ததுதான் மேடம்” என்றார்கள். 40 செட்டும் பின்பக்கம் கணக்குப் போடப் போயிற்று. அதிலிருந்து எழுத்துருவைக் கோப்புக்குள்ளேயே பதித்துத்தான் அனுப்புகிறேன். புள்ளி வட்டம் எங்காவது தெரிந்தால் அந்தத் தாளைக் கிழித்துவிட்டு எனக்குச் சொல்லுங்கள்.

அட்டைல கீழ இங்கிலீஷ் எழுத்துல சின்னதா எழுதி வெச்சா என்ன?

வேண்டாம். ஆங்கில எழுத்து அங்கே இருந்தால் கண் அதற்குத்தான் போகும். அதோடு பல்லியையும் பள்ளியையும் ஆங்கில எழுத்தில் எழுதிப் பாருங்கள், இரண்டும் ஒன்றாகவே வரும்.

தினமும் வீட்ல எவ்வளவு நேரம் உக்காரணும்? எங்க ரெண்டு பேருக்கும் வேலை.

ஏழு நிமிஷம். வாரத்தில் ஐந்து நாள். அதற்கு மேல் உட்கார வைக்காதீர்கள், ஆசையாகக் கேட்டாலும்.

மூன்று டப்பா வைத்துக்கொள்ளுங்கள், பழைய ஸ்வீட் டப்பா போதும். முதலாவதில் புது அட்டை, இரண்டாவதில் தடுக்கும் அட்டை, மூன்றாவதில் தெரிந்த அட்டை. முதல் நிமிஷம் அந்த வாரத்துப் பாட்டு. அடுத்த மூன்று நிமிஷம் ‘தடுக்கும்’ டப்பாவிலிருந்து ஐந்தாறு அட்டை. சட்டென்று படித்தால் அந்த அட்டை ‘தெரிந்த’ டப்பாவுக்குப் போகும், திணறினால் அங்கேயே இருக்கும். பிறகு புதிதாக இரண்டே இரண்டு அட்டை. அவை நாளைக்குத் ‘தடுக்கும்’ டப்பாவில் இருக்கும். கடைசி நிமிஷம், அன்று படித்த ஒரு வார்த்தையை வைத்து ஏதாவது பேசுங்கள். “கப்பல்ல போயிருக்கியா?” போதும். சனிக்கிழமை வகுப்புக்கு முன்னால் ‘தெரிந்த’ டப்பாவை ஒருமுறை முழுக்க ஓட்டிவிட்டு, மறந்ததைத் திரும்ப நடு டப்பாவில் போட்டுவிடுங்கள்.

பிள்ளை திணறினால் மூன்று எண்ணும்வரை பொறுங்கள். அப்புறமும் வரவில்லையென்றால் நீங்களே சொல்லிவிட்டு அடுத்ததற்குப் போங்கள். “நேத்துதானே சொன்னே!” என்று மட்டும் சொல்லாதீர்கள்.

இரவு தூங்கப்போகும் முன் செய்கிறோம் என்பவர்கள்தான் சீக்கிரம் விட்டுவிடுகிறார்கள். காலையில் பால் குடிக்கும்போது செய்பவர்களுக்கு நீடிக்கிறது. ஒரு நாள் விட்டுப்போனால் மறுநாள் அதே ஏழு நிமிஷம்தான், பாக்கி வைத்து 14 ஆக்க வேண்டாம்.

கரெக்டா படிக்கிறா. ஆனா நிஜமாவே படிக்கிறாளா, இல்ல அட்டைய அடையாளம் வெச்சுச் சொல்றாளான்னு தெரியல.

மூலை மடங்கிய அட்டை பட்டம், காபிக் கறை பட்டது டப்பா என்று வைத்திருப்பார்கள். சின்னப் பிள்ளைகள் இதில் கெட்டிக்காரர்கள்.

படம், பட்டம், பாடம் மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கேளுங்கள். முதல் எழுத்தையும் கடைசி எழுத்தையும் பார்த்து ஊகிக்கிற பிள்ளை இங்கே மாட்டிக்கொள்ளும். அதிலும் தப்பித்தால், ஒரு வெற்றுத் தாளில் ‘டாப்பம்’ என்று எழுதிக் காட்டுங்கள். அப்படி ஒரு வார்த்தையே தமிழில் இல்லை. படிக்கத் தெரிந்த பிள்ளை டாப்பம் என்று படித்துவிட்டு, அப்படியென்றால் என்ன என்று கேட்டுச் சிரிக்கும். தெரியாத பிள்ளை டப்பா என்றோ அப்பம் என்றோ தனக்குத் தெரிந்த ஒன்றைச் சொல்லும். எங்கள் வகுப்பில் டாப்பம் என்பது இப்போது ஒரு பூதத்தின் பெயர்.

பாட்டு எல்லாம் எதுக்கு? யூடியூப்ல நிறைய கேக்கறானே.

கேட்கட்டும். இங்கே பாட்டு ஒரு குறிப்பிட்ட வேலைக்காக. வெளிநாட்டில் வளரும் பிள்ளைகளுக்குப் ‘படம்’, ‘பட்டம்’ இரண்டும் காதில் ஒன்றாகவே விழுகின்றன. ஆங்கிலத்தில் ஒரு வார்த்தைக்குள் மெய்யை இப்படி அழுத்தி நிறுத்தும் வழக்கம் இல்லை. காதில் விழாதது கண்ணிலும் பதியாது, எழுதும்போது ‘ட்’டை விட்டுவிடுவார்கள். அதனால் புள்ளி எழுத்து நிறைய வரும் பாட்டாகப் பார்த்து நானே கட்டுகிறேன். முதல் மாதப் பாட்டு இது:

பட்டம் பட்டம் பாரு
விட்டது இங்கே யாரு
எட்டிப் பிடிக்கப் போனேன்
கொட்டிப் போச்சு மோரு

தாளம் போடும் விதம்தான் முக்கியம். ‘பட்’டில் இரண்டு கையும் சேரும், சேர்ந்தபடியே ஒரு கணம் ஒட்டி இருக்கும், ‘டம்’முக்குத்தான் பிரியும். ‘பா’வுக்குக் கையை அகல விரித்து இழுக்க வேண்டும். நான்கு வாரம் போனபின், பாடாமல் கையால் மட்டும் ‘படம்’ அல்லது ‘பட்டம்’ போட்டுக்காட்டி எது என்று கேட்பேன். கையைப் பார்த்துச் சொல்லும் பிள்ளை, அடுத்து எழுதும்போது புள்ளியை விடாது.

வீடியோவில் எல்லோரும் சேர்ந்து பாட முடியாது. ஒவ்வொரு ஊரிலிருந்தும் சத்தம் வெவ்வேறு தாமதத்தோடு வரும், கேட்கச் சந்தைக்கடைதான். நான் ஒரு வரி, ஒரு பிள்ளை ஒரு வரி, மற்றவர்கள் மைக்கை அணைத்துவிட்டுக் கையை மட்டும் தட்டுவார்கள். பின்னணிச் சத்தத்தைக் குறைக்கும் அமைப்பு உங்கள் பக்கம் போடப்பட்டிருந்தால் அணைத்துவிடுங்கள், அது கைத்தட்டலையும் சத்தம் என்று நினைத்து விழுங்கிவிடும்.

(ஞாயிற்றுக்கிழமை காலை வகுப்பில் எங்கள் தெருக் கீரைக்காரர் தவறாமல் வந்துவிடுவார். “அரைக்கீரை, சிறுகீரை, முளைக்கீரை” என்று ராகத்தோடு ஒரு குரல். கலிபோர்னியாவில் நான்கு பிள்ளைகள் அதைத் திருப்பிச் சொல்லியே ரகரமும் ளகரமும் பழகிவிட்டார்கள். அவருக்கு இது இன்னும் தெரியாது.)

கொம்பு வந்தாலே தடுமாறறா. ஏழு வயசு, இங்கிலீஷ் நல்லா படிப்பா.

ஆங்கிலம் நன்றாகப் படிப்பதால்தான். இடமிருந்து வலம் கண்ணில் படுகிற வரிசையிலேயே ஒலிக்க வேண்டும் என்று பழகியிருக்கிறாள். தமிழில் கொம்பு முன்னால் நிற்கும், ஒலி பின்னால் வரும்.

போன வருஷம் இங்கிலாந்திலிருந்து இதே வயதில் ஒரு பெண் வந்தாள். கால், புள்ளி, மேல்விலங்கு எல்லாம் ஆறு வாரத்தில் முடித்துவிட்டாள். ‘லை’ வந்ததும் ‘கடலை’ என்ற அட்டையைக் ‘கடைல’ என்று படித்தாள். சங்கிலிக் கொம்பு ட-வுக்கும் ல-வுக்கும் நடுவில் நிற்கிறது அல்லவா, அதை முன்னால் இருக்கும் ட-வோடு ஒட்டிவிட்டாள். அவள் அம்மாவுக்குத் தப்பு காதில் விழவே இல்லை. வீட்டில் “கடைல வாங்கினேன்” என்று பேசுவதுதானே! நானும் முதலில் அவள் ஏதோ சொல்ல வருகிறாள் என்றே நினைத்தேன். அடுத்து ‘மலை’யை ‘மைல’ என்றதும்தான் விளங்கியது.

அவளுக்குச் செய்ததைச் சொல்கிறேன், நீங்களும் செய்யலாம். ‘ல’ என்று பெரிதாக எழுதிய ஓர் அட்டை. கண்ணாடி மாதிரித் தெரியும் பிளாஸ்டிக் தாளில் சங்கிலிக் கொம்பு மட்டும் சிவப்பில். அட்டை மேசைமேல் இருக்கும், அவள் “ல” என்று சொல்ல வேண்டும். சொன்ன பிறகு கொம்புத் தாளை இடப்பக்கமிருந்து தள்ளிக்கொண்டுவந்து ஒட்ட வைத்து “லை” என்று முடிக்க வேண்டும். எழுத்து முதலில், கொம்பு அப்புறம். கண் பார்க்கிற வரிசையைக் கை மாற்றிக் கொடுக்கிறது. ஒரு நாளைக்கு மூன்று எழுத்துதான், லை, மை, கை. முதல் வாரம் முழுக்க வார்த்தையே இல்லை.

இரண்டாம் வாரம் இலை, தலை, வலை, மலை, கடலை. அட்டையில் ‘லை’யைச் சுற்றிப் பென்சிலால் ஒரு கட்டம், கொம்பு கட்டத்துக்குள் இருக்க வேண்டும். மூன்றாம் வாரம் கட்டத்தை அழித்துவிட்டோம். ‘கடை...’ என்று ஆரம்பித்தவள் நின்றாள், திரும்ப முதலிலிருந்து ‘கட...லை’ என்றாள். அவளாகவே திரும்பிப் போனதுதான் நான் காத்திருந்த அடையாளம். தப்பே வராத நாளுக்குக் காத்திருக்க வேண்டாம், தப்பைத் தானே பிடிக்கிற நாள் வந்தால் போதும்.

அதோடு முடியவில்லை. ‘கோழி’ வந்ததும் ‘கேரழி’ என்றாள். ‘கோ’வில் குறி இரண்டு பக்கமும் நிற்கிறது. முன்னால் இருக்கும் இரட்டைக் கொம்பைக் ‘கே’ என்று படித்துவிட்டாள், பின்னால் இருக்கும் காலை ‘ர’ என்று எடுத்துக்கொண்டாள். இதற்குப் பிளாஸ்டிக் தாளில் கொம்பையும் காலையும் சேர்த்தே எழுதி, நடுவில் இடம் விட்டு, ‘க’வின் மேல் மூட வைத்தோம். இரண்டு கையாலும் கட்டிப்பிடிக்கிற மாதிரி என்று சொன்னால் பிடித்துக்கொள்வார்கள். அச்சில் ர-வின் அடியில் சாய்ந்த வால் இருக்கும், காலுக்கு இருக்காது. அதையும் ஒருமுறை விரலால் தொட்டுக் காட்டுங்கள். கையெழுத்தில் பலர் அந்த வாலைப் போடுவதே இல்லை, அதனால் வீட்டில் நீங்கள் எழுதும் அட்டையில் வால் போடுங்கள்.

‘பால்’னு எழுதியிருக்கு, அவன் ‘பாலு’ன்னு படிக்கிறான். திருத்தணுமா?

உடனே வேண்டாம். வீட்டில் பாலு, கல்லு, பல்லு என்றுதான் பேசுகிறீர்கள். அவன் எழுத்தைப் படித்து, வார்த்தையைப் புரிந்துகொண்டு, வீட்டு வாயால் சொல்கிறான். ‘வீட்டில் பூனை இருக்கிறது’ என்ற அட்டையைப் பார்த்து ஒரு பிள்ளை “வீட்டுல பூனை இருக்கு” என்றால் எனக்கு அது முழு மதிப்பெண்.

புரிந்து மாற்றிச் சொல்வதும் எழுத்தைப் பார்க்காமல் சொல்வதும் வேறு வேறு. சந்தேகமாக இருந்தால், “கடைசி எழுத்தைக் காட்டு, அது என்ன?” என்று கேளுங்கள். ‘ல்’ என்று சொன்னால் விட்டுவிடுங்கள்.

வகுப்பில் நான் பேசுவதும் பேச்சுத் தமிழ்தான். பிள்ளையிடம் “நீ என்ன செய்துகொண்டிருக்கிறாய்?” என்று கேட்டால் யாரோ போலீஸ் மாதிரி இருக்கும். எழுத்துத் தமிழை நான்காம் மாதத்துக்கு மேல், ‘அட்டை பேசும் தமிழ்’ என்று தனியாக ஒரு பெயர் வைத்து அறிமுகப்படுத்துவேன். அட்டையின் முன்பக்கம் ‘வந்தார்கள்’, பின்பக்கம் ‘வந்தாங்க’. இரண்டும் ஒன்றுதான், ஒன்று எழுத, ஒன்று பேச. பிள்ளைகள் இதை நம்மைவிடச் சுலபமாக ஏற்றுக்கொள்கிறார்கள். அட்டைக்கென்று ஒரு குரல் வைத்துக்கொண்டு செய்தி வாசிப்பவர் மாதிரிப் படித்துக்காட்டுவார்கள்.

நாங்கள் யாழ்ப்பாணம். உங்கட சென்னைத் தமிழ் பிள்ளையைக் குழப்பாதோ?

எழுத்து எல்லோருக்கும் ஒன்றுதான், அட்டையில் குழப்பம் வராது. பேச்சில் உங்கள் பிள்ளை உங்கள் வீட்டுப் பேச்சையே பேசட்டும். நான் “பேசு” என்றால் “கதை” என்று சொல்லட்டும், டீயைத் தேத்தண்ணி என்று சொல்லட்டும், திருத்த மாட்டேன். டொரொன்டோக் குழுவில் பாதிப் பேர் பாண் சாப்பிடுகிறவர்கள், பாதிப் பேர் பிரட் சாப்பிடுகிறவர்கள். பாணுக்கு ஓர் அட்டையே போட்டுவிட்டோம், கால் போட்டு எழுத நல்ல வார்த்தை.

தமிழ்ல கேட்டா இங்கிலீஷ்லயே பதில் சொல்றான். “தமிழ்ல சொல்லு”ன்னு சொன்னா வாயையே மூடிக்கறான்.

அந்த “தமிழ்ல சொல்லு”வை ஒரு மாதம் நிறுத்திப் பாருங்கள். கேள்வியை மாற்றுங்கள். “பால் வேணுமா?” என்றால் தலையை ஆட்டிவிட்டுப் போய்விடலாம். “பால் வேணுமா, மோர் வேணுமா?” என்றால் இரண்டில் ஒரு வார்த்தையைச் சொல்லித்தான் ஆக வேண்டும், அந்த வார்த்தையையும் நீங்களே காதில் போட்டுவிட்டீர்கள். ஒற்றை வார்த்தை போதும். அவன் ஆங்கிலத்தில் சிவப்புதான் வேண்டும் என்று சொன்னால், “சிவப்பா? இந்தா சிவப்பு” என்று கொடுத்துவிட்டு வேலையைப் பாருங்கள்.

‘ழ’ வரவே மாட்டேங்குது.

சென்னையில் பாதிப் பேருக்கு வருவதில்லை, வாயப்பயமும் வாளப்பளமும் சாப்பிட்டுத்தான் வளர்ந்தோம். கண்ணால் ல, ள, ழ மூன்றையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்தால் இந்த வயதுக்குப் போதும். நாக்கை உள்ளே மடித்து எங்கேயும் தொடாமல் நிறுத்தும் பயிற்சியை ஏழு வயதுக்கு மேல் தருகிறேன்.

ஊர்ல இருக்கற பாட்டி தினமும் வீடியோ கால்ல சொல்லிக்கொடுக்கலாமா?

தாராளமாக. நேரம் இல்லாத பெற்றோரைவிட நேரம் இருக்கிற பாட்டி மேல். அவரிடமும் ஒரு செட் அட்டை இருக்கட்டும், பாட்டி காட்டுவதைப் பிள்ளை படிக்கட்டும், அடுத்து பிள்ளை காட்டப் பாட்டி படிக்கட்டும். பாட்டி நடுவில் ஒன்றைத் தப்பாகப் படித்தால் அந்த ஏழு நிமிஷம் பத்தாகிவிடும்.

ஒரு விஷயம் மட்டும் அவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். தமிழ்நாட்டில் 1978-ல் எழுத்துச் சீர்திருத்தம் வந்தது. அதற்கு முன் படித்தவர்கள் ‘லை’, ‘னை’, ‘ளை’, ‘ணை’ எழுதும்போது சங்கிலிக் கொம்பு போடாமல், யானைத் தும்பிக்கை மாதிரி ஒரு வளைவை எழுத்தின் மேலேயே போடுவார்கள். ‘ணா’, ‘றா’, ‘னா’வும் காலைத் தனியாகப் போடாமல் சுழித்து எழுதுவார்கள். மொத்தம் 13 எழுத்து அப்படி மாறின. பாட்டி கையால் எழுதி அனுப்பும் அட்டையில் அந்தத் தும்பிக்கை வந்தால் பிள்ளை திகைத்து நிற்கும், நீங்களும் பாட்டி தப்பாக எழுதிவிட்டார் என்று நினைக்கக்கூடும். அச்சு அட்டை பழகும்வரை புது எழுத்திலேயே எழுதச் சொல்லுங்கள். அதன்பின் தும்பிக்கையைக் காட்டினால் ஆசையாகக் கற்றுக்கொள்வார்கள்.

எங்க ஊர் நேரத்துக்கு வகுப்பு எப்போ?

இங்கே சனி இரவு 7.30-க்கு நடப்பது ஐரோப்பாவுக்கும் அமெரிக்கக் கிழக்குக் கரைக்கும். லண்டனில் குளிர்காலத்தில் மதியம் 2 மணி, கோடையில் 3. நியூயார்க், டொரொன்டோவில் குளிர்காலத்தில் காலை 9, கோடையில் 10. கலிபோர்னியாக் குழு இங்கே ஞாயிறு காலை 7.30, அங்கே சனி மாலை 6 அல்லது 7. சிட்னி, மெல்போர்னுக்கு இங்கே சனி காலை 10.30, அங்கே மதியம் 3, அவர்கள் கோடையில் 4. நாங்கள் கடிகாரத்தைத் தொடுவதில்லை, நீங்கள்தான் மாற்றுகிறீர்கள். அமெரிக்காவில் மார்ச் இரண்டாம் ஞாயிறு மாறும், இங்கிலாந்தில் மார்ச் கடைசி ஞாயிறுதான். நடுவில் இருக்கும் வாரங்களில் யாராவது ஒருவர் ஒரு மணி நேரம் தப்பி வருவது வழக்கமாகிவிட்டது. அந்த வாரம் வெள்ளிக்கிழமையே செய்தி அனுப்பிவிடுவேன்.

லீவுக்குச் சென்னை வர்றோம். நேர்ல ஏதாவது பண்ண முடியுமா?

வாருங்கள், ஞாயிற்றுக்கிழமை காலையாகப் பாருங்கள், கூட்டம் குறைவு. மாம்பலம் ஸ்டேஷனில் ஏறிக் கடற்கரை வரை மின்சார ரயிலில் போவோம். பெயர்ப்பலகையில் தமிழ் பெரிதாக இருக்கும். மாம்பலத்தை இரண்டாம் கட்டு முடித்த பிள்ளையே படித்துவிடும். அடுத்ததே கோடம்பாக்கம், இரண்டு கையாலும் கட்டிப்பிடிக்கிற ‘கோ’. நுங்கம்பாக்கத்தில் ‘நு’ இருக்கிறது, சேத்துப்பட்டில் இரட்டைக் கொம்பும் ‘து’வும் ‘டு’வும் சேர்ந்து வரும். எழும்பூர் கொஞ்சம் கஷ்டம். பூங்கா, கோட்டை, கடற்கரை. கோட்டையில் ‘ட்டை’யைப் பார்க்கும்போது கடலையைக் ‘கடைல’ என்று படித்த அந்த இங்கிலாந்துப் பெண் ஒரு கணம் யோசித்தாள்.

ஜன்னல் ஓரத்தில் பிளாட்பாரம் வரும் பக்கமாக உட்கார வையுங்கள். பலகை பிளாட்பாரத்தின் இரண்டு முனையிலும் இருக்கும், ரயில் நுழையும்போது ஒன்றைத் தவறவிட்டாலும் கிளம்பும்போது இன்னொன்று கண்ணில் படும். ரயில் அதிக நேரம் நிற்காது. பெயரை முடிப்பதற்குள் கிளம்பிவிட்டால் நீங்கள் எடுத்துக் கொடுக்காதீர்கள், திரும்பி வரும்போதும் அதே ஸ்டேஷன்கள்தான்.